இரண்டு இணைத் தகடுகளுக்கு இடையே கதிர்வீச்சு வெப்பம்: கவசத் தகடு செருகினால் எவ்வளவு குறையும்?

சூடான தகடு ஒன்று, அதற்கு எதிரே குளிர்ந்த தகடு ஒன்று. நடுவில் பளபளப்பான மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைச் செருகினால் வெப்பம் எவ்வளவு குறையும்? பார்க்க இரண்டே வரியில் முடிந்துவிடும் கணக்கு. ஆனால் முதல்முறை போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். செல்சியஸில் நான்காம் அடுக்கு எடுப்பது, உமிழ்திறன்களைப் பெருக்கிவிடுவது, கவசத்தின் வெப்பநிலையை இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடுவது. ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை எடுத்துச் செல்வோம். எண்களை நீங்களும் கால்குலேட்டரில் கூடவே போட்டுப் பாருங்கள்.

## 1. தொடங்கும் முன் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்

இரு தகடுகளின் வெப்பநிலையும், ஒன்றையொன்று பார்க்கும் முகங்களின் உமிழ்திறனும் வேண்டும். தகட்டின் பின்பக்கம் எப்படி இருந்தாலும் இந்தக் கணக்குக்குச் சம்பந்தமில்லை.

நம் எடுத்துக்காட்டு இது. சூடான தகடு துருவேறிய எஃகு. அது மின்சாரத்தால் 527 டிகிரி செல்சியஸில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, முகத்தின் உமிழ்திறன் 0.8. குளிர்ந்த தகட்டின் பின்னால் எண்ணெய் ஓடி அதை 127 டிகிரியில் வைத்திருக்கிறது, உமிழ்திறன் 0.6. தகடுகள் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், இடைவெளி 50 மில்லிமீட்டர். இடைவெளியில் வெற்றிடம் இருப்பதாக இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

இதில் மூன்று ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன. தகடுகள் இடைவெளியைவிட மிகப் பெரியவை, அதனால் ஒன்றிலிருந்து கிளம்பும் கதிர் எல்லாம் மற்றதில்தான் போய் விழும். முகங்கள் சாம்பல் பரப்புகள், அதாவது எல்லா அலைநீளத்துக்கும் ஒரே உமிழ்திறன். எத்தனை பங்கு உமிழுமோ அத்தனை பங்கையே உறிஞ்சும். தகடுகள் ஒளி ஊடுருவாதவை, எனவே உறிஞ்சாதது முழுவதும் எதிரொளிக்கும். சூரிய ஒளி உள்ளே வரும் கணக்கென்றால் இரண்டாவது ஊகம் அங்கேயே உடைந்துவிடும். வெள்ளைப் பெயின்ட் சூரிய ஒளியைக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், ஆனால் தன் சொந்த வெப்பத்தைக் கிட்டத்தட்ட கரும்பொருள் போலவே உமிழும். அதற்கு ஒரே உமிழ்திறன் எண் போதாது.

## 2. முதலில் கெல்வின், அப்புறம்தான் நான்காம் அடுக்கு

527 டிகிரி செல்சியஸ் 800 கெல்வின், 127 டிகிரி 400 கெல்வின். இந்த மாற்றத்தை முதல் வரியிலேயே முடித்துவிடுங்கள். கடத்தல் கணக்குகளில் வெப்பநிலை வித்தியாசம் மட்டும்தான் வரும், அங்கே செல்சியஸில் போட்டாலும் விடை மாறாது. அந்தப் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். கதிர்வீச்சு தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது, எனவே பூஜ்ஜியம் எங்கே தொடங்குகிறது என்பது முக்கியம்.

```
σ = 5.67 × 10⁻⁸ W/m²K⁴
T1⁴ = 800⁴ = 4.096 × 10¹¹
T2⁴ = 400⁴ = 0.256 × 10¹¹
σ(T1⁴ − T2⁴) = 21 773 W/m²
```

இந்த 21,773 வாட் என்பது இரண்டு தகடும் கரும்பொருளாக இருந்தால் ஒரு சதுர மீட்டருக்குப் போகக்கூடிய வெப்பம். இதுதான் உச்சவரம்பு. நீங்கள் கண்டுபிடிக்கும் எந்த விடையும் இதைத் தாண்டக் கூடாது.

செல்சியஸிலேயே போட்டிருந்தால் 4,359 வாட் வந்திருக்கும், சரியான விடையில் ஐந்தில் ஒரு பங்கு. வெப்பநிலைகளை முதலில் கழித்துவிட்டு, அந்த 400-க்கு நான்காம் அடுக்கு எடுத்திருந்தால் 1,452 வாட். இரண்டுமே பார்க்க நம்பும்படியான எண்கள்தான், அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக நான்காம் அடுக்கு, அதன்பிறகு கழித்தல். இந்த வரிசை மாறக் கூடாது.

## 3. உமிழ்திறன்களைப் பெருக்காதீர்கள்

தகடுகள் கரும்பொருள் இல்லை, எனவே 21,773-ஐக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால் புதிதாக வருகிறவர்கள் 0.8 × 0.6 = 0.48 என்பார்கள். முதல் தகடு 0.8 பங்கு உமிழ்கிறது, அதில் 0.6 பங்கை இரண்டாவது உறிஞ்சுகிறது என்ற வாதம். வாதம் தவறில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது.

எதிரொளித்த பங்கு எங்கே போகும்? அதைப் பின்தொடருங்கள். 0.8 போய் விழுந்ததில் 0.48 உறிஞ்சப்பட்டுவிட்டது, மிச்சம் 0.32 திரும்பி வருகிறது. முதல் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 0.064-ஐ, மறுபடியும் எதிரே அனுப்புகிறது. அதில் 0.6 பங்கு, அதாவது 0.0384, இரண்டாவது தகட்டில் சேர்கிறது. அடுத்த சுற்றில் இதில் 0.08 மடங்கு, அதற்கடுத்த சுற்றில் அதில் 0.08 மடங்கு. இப்படியே கூட்டிக்கொண்டே போனால்:

```
0.48 / (1 − 0.08) = 0.5217
```

பெருக்கல் காட்டிய 0.48 அல்ல, 0.5217. குளிர்ந்த தகடு உமிழ்வதும் எதிர்த்திசையில் இதே பங்கில்தான் வந்து சேரும், அதனால் நிகர வெப்பத்துக்கும் இதே எண் பொருந்தும். முடிவில்லாத இந்தக் கூட்டலைத்தான் கீழே வரும் சூத்திரம் ஒரே அடியில் முடிக்கிறது.

```
q = σ(T1⁴ − T2⁴) / (1/ε1 + 1/ε2 − 1)
```

நம் எண்களைப் போட்டால் கீழ்ப்பகுதி 1.25 + 1.6667 − 1 = 1.9167. இதன் தலைகீழ் 0.5217. பொருந்துகிறது.

அந்த −1 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மனப்பாடம் செய்தால், கவசம் வரும்போது கண்டிப்பாகத் தடுமாறுவீர்கள். ஒவ்வொரு முகத்துக்கும் (1−ε)/ε என்று ஒரு பரப்புத் தடை உண்டு. இரண்டு முகங்களுக்கு நடுவிலுள்ள வெளிக்கு ஒரு தடை உண்டு. தகடுகள் மிகப் பெரியவை என்பதால் அதன் மதிப்பு 1. (1−ε)/ε என்பதை 1/ε − 1 என்று எழுதலாம். இரண்டு முகம் சேர்ந்து −2, வெளி சேர்ந்து +1, கடைசியில் −1 மிஞ்சுகிறது. ஒரு இடைவெளிக்கு ஒரு −1 என்று நினைவில் வையுங்கள்.

## 4. கவசம் இல்லாத விடையை முதலில் எழுதிவிடுங்கள்

21,773-ஐ 1.9167-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 11,360 வாட். நம் தகட்டின் பரப்பு ஒரு சதுர மீட்டர்தான், ஆகவே மொத்தமும் அதுவே: பதினொரு கிலோவாட்டுக்கும் மேல். இந்த எண்ணைத் தனியாக எழுதி வைக்காமல் நேராகக் கவசத்துக்குப் போகாதீர்கள். கவசம் எவ்வளவு மிச்சம் பிடித்தது என்று சொல்ல இதுதான் அளவுகோல்.

## 5. கவசத்தைச் செருகுங்கள்

இப்போது நடுவில் இரண்டு முகமும் பளபளப்பான அலுமினியத் தகடு. மெருகேற்றிய அலுமினியத்தின் உமிழ்திறன் சுமார் 0.05. தகடு மெல்லியது, இரு முகமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும், எனவே அதற்குள் நடக்கும் கடத்தலை விட்டுவிடலாம்.

முன்பு ஒரு இடைவெளி, இப்போது இரண்டு. ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன கீழ்ப்பகுதியைத் தனியாக எழுதுங்கள்.

```
சூடான தகடு – கவசம்   : 1/0.8 + 1/0.05 − 1  = 20.25
கவசம் – குளிர்ந்த தகடு : 1/0.05 + 1/0.6 − 1 = 20.67
கூட்டுத்தொகை        : 40.92
q = 21 773 / 40.92 = 532 W/m²
```

கூட்டலாம் என்பதற்குக் காரணம் இதுதான்: கவசத்தைத் தனியாக யாரும் சூடேற்றவும் இல்லை, குளிர்விக்கவும் இல்லை. ஒரு முகத்தில் நுழைந்த வெப்பம் மறு முகம் வழியாக வெளியேறித்தான் ஆக வேண்டும். இரு இடைவெளியிலும் ஒரே q ஓடுவதால் தடைகள் தொடர் இணைப்பில் இருப்பதுபோல் கூடுகின்றன. கவசத்துக்குப் பின்னால் குளிர்நீர்க் குழாயை ஒட்டவைத்திருந்தால் இந்தக் கூட்டல் செல்லாது.

11,360 இருந்த இடத்தில் 532. முன்பு போனதில் 4.7 சதவீதம்தான் இப்போது போகிறது. ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தகடு இதைச் செய்கிறது. தடுக்கும் வேலை தகட்டின் உள்ளே நடக்கவில்லை, அதன் இரண்டு முகங்களில் நடக்கிறது. தகட்டைத் தடிமனாக்கினால் இன்னும் குறையுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இந்தப் படியில் வரும் பிழைகள் இரண்டு. கவசத்தின் ஒரு முகத்தை மட்டும் கணக்கில் எடுத்து 1/0.05-ஐ ஒரே தடவை எழுதுவது. அப்படிச் செய்தால் தடை ஏறக்குறைய பாதியாகிவிடும், வெப்பம் இரட்டிப்பாகும். இன்னொன்று, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு −1 போடுவது. இடைவெளி இரண்டு, ஆகவே −2.

கவசத்தைச் சரியாக நடுவில் வைக்க வேண்டுமா என்றும் கேட்பார்கள். வேண்டியதில்லை. சூத்திரத்தில் தூரமே இல்லை. சூடான தகட்டிலிருந்து 10 மில்லிமீட்டரில் வைத்தாலும் 40 மில்லிமீட்டரில் வைத்தாலும் அதே 532 வாட்தான். எதையும் தொட்டுவிடாமல் இருந்தால் போதும். தொட்டால் கடத்தல் தொடங்கிவிடும்.

## 6. கவசத்தின் வெப்பநிலையைக் கண்டுபிடிக்காமல் முடிக்காதீர்கள்

532 வந்ததும் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தகடு அங்கே உயிரோடு இருக்குமா என்பதைச் சொல்வது இந்தப் படிதான்.

முதல் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

```
σ(T1⁴ − T3⁴) = 532.1 × 20.25 = 10 775
T3⁴ = 4.096 × 10¹¹ − 1.900 × 10¹¹ = 2.196 × 10¹¹
T3 = 684.5 K
```

அதாவது 411 டிகிரி செல்சியஸ். 800-க்கும் 400-க்கும் சராசரி 600 கெல்வின் என்று போட்டவர்கள் 84 டிகிரி குறைவாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். சராசரி எடுப்பதென்றால் நான்காம் அடுக்குகளுக்குத்தான் எடுக்க வேண்டும். இங்கே இரு பக்கத் தடையும் கிட்டத்தட்ட சமம், எனவே அப்படி எடுத்தால் 683 கெல்வின் வரும். சரியான விடையை ஒட்டியே இருக்கிறது.

சரிபார்க்க, இரண்டாவது இடைவெளியிலிருந்தும் T3 கண்டுபிடியுங்கள். 532.1 × 20.67-ஐ σ-வால் வகுத்து T2⁴-உடன் கூட்டுங்கள். அதே 2.196 × 10¹¹ வர வேண்டும். வராவிட்டால் தடைகளில் எங்கோ பிழை.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். 411 என்பது உருகுநிலைக்குக் கீழேதான், ஆனால் அந்தச் சூட்டில் தகடு மிகவும் இளகித் தொய்ந்துவிடும். நல்ல சட்டத்தில் பிடித்து வைக்காவிட்டால் நடுப்பகுதி தொங்கிப்போய் ஏதாவது ஒரு தகட்டைத் தொடும். சூடான பக்கம் இன்னும் அதிகச் சூடென்றால் மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுக்குப் போவது நல்லது. உமிழ்திறன் கொஞ்சம் அதிகம், ஆனால் தாங்கும்.

## 7. ஒரு முகம் மட்டும் பளபளப்பாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்புவது?

இந்த இடத்தில்தான் உள்ளுணர்வு அதிகம் ஏமாற்றுகிறது. கவசத்தின் ஒரு முகம் 0.05, மறுமுகம் மங்கலாக 0.8 என்று வைத்துக்கொள்வோம். பளபளப்பு சூட்டைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் திருப்பி அனுப்பும் என்று ஏறக்குறைய எல்லோரும் சொல்வார்கள்.

கணக்கைப் போடுங்கள். கூட்டுத்தொகை 1.25 + 20 + 1.25 + 1.6667 − 2 = 22.17. தகட்டைத் திருப்பினாலும் கூட்டப்படும் எண்கள் அதேதான், வரிசைதான் மாறுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் 982 வாட்.

மாறுவது கவசத்தின் வெப்பநிலை. பளபளப்பான முகம் சூட்டைப் பார்த்தால் பெரிய தடையான 20.25 சூடான பக்கம் வருகிறது, T3 492 கெல்வின், அதாவது 219 டிகிரி செல்சியஸ். பளபளப்பான முகம் குளிர்ந்த பக்கம் பார்த்தால் சூடான பக்கத் தடை 1.5 மட்டும்தான், T3 787 கெல்வின், 514 டிகிரி. சூடான தகட்டின் வெப்பநிலையை ஏறக்குறைய எட்டிவிடுகிறது.

கவசம் எப்போதும் தடை குறைந்த பக்கத்துத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான முகம் நன்றாக உறிஞ்சாது என்பது உண்மை, அதே முகம் நன்றாக உமிழவும் செய்யாது. குளிர்ந்த பக்கம் திருப்பினால் உள்ளே வந்த வெப்பத்தை வெளியேற்ற அது மிகவும் சூடாக வேண்டியிருக்கிறது. ஆகவே எந்தப் பக்கம் திருப்புவது என்ற கேள்விக்கு விடை இதுதான்: வெப்பம் ஒன்றுதான், தகடு பிழைக்க வேண்டுமென்றால் பளபளப்பைச் சூட்டின் பக்கம் திருப்புங்கள். காற்று நிறைந்த இடத்தில் தூசி எந்த முகத்தில் படியும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் படிந்த பிறகு அந்த முகம் 0.05 இல்லை.

## 8. இன்னொரு கவசம் வேண்டுமா, இருப்பதைத் துடைப்பதா?

0.05 உமிழ்திறன் கொண்ட ஒவ்வொரு கவசமும் கூட்டுத்தொகையில் 2/0.05 − 1, அதாவது 39-ஐச் சேர்க்கிறது. இரண்டாவது கவசம் செருகினால் 79.92, வெப்பம் 272 வாட். முதல் கவசம் கிட்டத்தட்ட 10,830 வாட்டை மிச்சம் பிடித்தது, இரண்டாவது 260 வாட்டை. சாதாரண உலைக்கு முதல் கவசம் போதும். விண்கலங்களிலும் திரவ நைட்ரஜன் கலங்களிலும் கடைசி வாட் வரை கணக்குப் பார்க்க வேண்டும் என்பதால் அங்கே பல அடுக்குகள் வைக்கிறார்கள்.

ஒரே கவசம் மங்கிப்போய் இரு முகமும் 0.3 ஆகிவிட்டால்? கூட்டுத்தொகை 7.58-க்கு இறங்குகிறது, வெப்பம் 2,871 வாட்டுக்கு ஏறுகிறது. ஐந்து மடங்குக்கும் மேல். புத்தகத்து 0.05-ஐ நம்பி வடிவமைத்துவிட்டுச் சில மாதம் கழித்து அளந்து பார்த்தால் ஒத்துப்போகாததற்கு இதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய காரணம். கணக்கை 0.05-க்கு ஒரு தடவையும், மோசமான நிலையில் எதிர்பார்க்கும் எண்ணுக்கு ஒரு தடவையும் போட்டு, இரண்டையும் எழுதி வையுங்கள்.

எல்லா முகங்களும் ஒரே உமிழ்திறன் என்றால் N கவசத்துக்கு வெப்பம் 1/(N+1) ஆகும் என்ற சுருக்க விதி ஒன்று உண்டு. நம் எடுத்துக்காட்டில் அதைப் போட்டால் 5,680 வாட் வரும், உண்மையைவிடப் பத்து மடங்கு. உமிழ்திறன்கள் வேறுபடும் இடத்தில் அந்த விதியைத் தொடாதீர்கள்.

## 9. வெற்றிடம் இல்லையென்றால்

இடைவெளியில் காற்று இருந்தால் அது தனி வழியில் வெப்பத்தைக் கடத்தும். 600 கெல்வினில் காற்றின் கடத்துதிறன் சுமார் 0.047. காற்று அசையாமல் நிற்கிறது என்று வைத்தால்கூட 50 மில்லிமீட்டருக்கு, 400 டிகிரி வித்தியாசத்துக்கு, 0.047 × 400 / 0.05 = 376 வாட்.

கவசம் இல்லாதபோது 11,360-க்குப் பக்கத்தில் 376 பொருட்டல்ல, அதனால்தான் விட்டுவிட்டோம். கவசம் போட்டபின் 532-க்குப் பக்கத்தில் அதே 376 பெரிய எண். தகடுகள் செங்குத்தாக நின்றால் காற்று சுழன்று இன்னும் அதிகமாகக் கடத்தும். கவசம் நன்றாக வேலை செய்யச் செய்ய, முன்பு அலட்சியம் செய்தவை எல்லாம் மேலே வந்துவிடுகின்றன. தெர்மாஸ் குடுவையில் கண்ணாடிச் சுவர்களுக்கு வெள்ளி பூசுவதோடு நிறுத்தாமல் நடுவிலிருந்து காற்றையும் உறிஞ்சி எடுப்பது இதற்காகத்தான்.

ஓரங்களும் அப்படியே. பக்கம் இடைவெளியைப் போல் பத்து மடங்குள்ள இரு சதுரத் தகடுகளில் ஒன்றிலிருந்து கிளம்புவதில் சுமார் 0.83 பங்குதான் மற்றதில் விழுகிறது. மீதி ஓரம் வழியாகப் போய்விடும். நம் தகடு இருபது மடங்கு, எனவே பரவாயில்லை, ஆனாலும் ஓரங்களைப் பளபளப்பான தகட்டால் மூடிவிடுவது நல்லது. மூடாமல் சிறிய தகடுகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டால் விடை ஒப்பேறாது.

## 10. குளிர்ந்த தகடு உண்மையிலேயே 127 டிகிரியில் நிற்குமா?

எண்ணெய் ஓடும் தகடு என்பதால் நிற்கும் என்று எடுத்துக்கொண்டோம். அதற்குப் பதில் அது வெறும் அறைக்காற்றைப் பார்க்கும் உலைக் கதவின் வெளித்தகடு என்றால், கவசம் செருகியதும் அதன் வெப்பநிலை இறங்கும். அப்போது T2 கொடுக்கப்பட்ட எண் அல்ல, கண்டுபிடிக்க வேண்டிய எண்.

அறை 27 டிகிரி, வெளித்தகடு அறைக்கு ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 12 வாட் இழக்கிறது என்று வைப்போம். இடைவெளி மறுபடியும் வெற்றிடம்தான். முதல் ஊகமாக 532-ஐ 12-ஆல் வகுத்தால் 44, எனவே வெளித்தகடு 71 டிகிரி. இந்த T2-வை வைத்து q-வைத் திரும்பப் போட்டால் 548 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 45.7, தகடு 73 டிகிரி. இன்னொரு தடவை போட்டாலும் பெரிதாக நகராது, அங்கே நிறுத்திவிடலாம். T1⁴-க்கு முன்னால் T2⁴ சின்ன எண் என்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் நிலைக்கிறது. இரண்டு வெப்பநிலைகளும் நெருக்கமாக இருக்கும் கணக்குகளில் இன்னும் சில சுற்று போட வேண்டியிருக்கும்.